மூன்று உப்பு, ஒரே சோடியம்

கொச்சி மட்டாஞ்சேரியின் பஜார் ரோட்டில் மிளகும் சுக்கும் ஏலமும் மணக்கும் கிடங்குகளுக்கு நடுவே பலசரக்குக் கடைகளும், மூலிகை விற்கும் அங்காடி மருந்துக் கடைகளும் இருக்கின்றன. பலசரக்குக் கடையில் உப்பு இரண்டு விதம். ஒன்று கல்லுப்பு, மற்றது பாக்கெட்டில் வரும் தூளுப்பு. மூன்றாவது விதமான இந்துப்பு நெடுங்காலம் மருந்துக் கடைச் சரக்காகத்தான் இருந்தது. அஷ்ட சூரணம் இடிக்க வைத்தியர் எழுதிக் கொடுப்பார். ஏகாதசி விரதம் இருக்கும் குஜராத்தி வீடுகளிலும் கொங்கணி வீடுகளிலும் அன்றைய சமையலுக்கு வாங்குவார்கள். இப்போது அதே இளஞ்சிவப்புக் கல் அழகான பாட்டிலில் ஏறி, தூளுப்பைப் போல மூன்று நான்கு மடங்கு விலைக்குப் பலசரக்குக் கடைக்கே வந்துவிட்டது. வாங்குகிறவர்களில் பலர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள். "இதில் சோடியம் குறைவாம், டாக்டர்கூட மறுக்க மாட்டார்" என்பது அவர்கள் கேட்டு வந்த செய்தி.

அந்தச் செய்தி சரியா என்று பார்க்க ஆய்வகம் வேண்டியதில்லை. உப்பு எப்படி உண்டாகிறது என்று தெரிந்தால் போதும், மீதியைக் காகிதத்தில் கணக்குப் போட்டே கண்டுபிடித்துவிடலாம்.

மூன்றுக்கும் தாய் கடல்

கொச்சியைச் சுற்றிலும் உப்புத் தண்ணீர்தான். ஆனாலும் கொச்சிக்கு வேண்டிய உப்பு வெளியிலிருந்து வருகிறது. ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை கொட்டும் ஊரில், பாத்தியில் கட்டிய நீர் உப்பாக விளையும் முன்பே அடுத்த மழை கரைத்துவிடும். மலைக்கு அந்தப் பக்கம் தூத்துக்குடியில் மழை மிகக் குறைவு, வெயிலும் காற்றும் தாராளம். குஜராத்துக்கு அடுத்தபடியாக இந்தியாவில் அதிக உப்பு விளைவது தமிழ்நாட்டில்தான். அதில் பெரும்பங்கு தூத்துக்குடியுடையது.

அங்கே கடல் நீரையோ உவர்ப்பான ஆழ்குழாய் நீரையோ பாத்தி பாத்தியாகக் கடத்திக்கொண்டே போகிறார்கள். ஒவ்வொரு பாத்தியிலும் நீர் வற்றி அடர்த்தி கூடுகிறது. அடர்த்தியைப் பார்க்க ஒரு மிதவைக் கண்ணாடிக் குழாய் உண்டு. அதில் பதிந்திருக்கும் அளவுக்குப் போமே டிகிரி என்று பெயர். கடல் நீர் ஏறக்குறைய 3 டிகிரி காட்டும். அது பத்தில் ஒரு பங்காக வற்றி 25 டிகிரியைத் தொடும்போது சோடியம் குளோரைடு படிகமாக இறங்கத் தொடங்குகிறது. அதற்கு முன்பே சுண்ணாம்புச் சத்தும் ஜிப்சமும் முந்தைய பாத்திகளில் படிந்து ஒதுங்கியிருக்கும். 29, 30 டிகிரிக்கு மேல் போனால் மக்னீசியம் உப்புகள் சேரத் தொடங்கும், உப்பு கசக்கும். ஆகவே அந்தக் கட்டத்தில் மிஞ்சியிருக்கும் கசப்பு நீரைத் திறந்து வெளியே விட்டுவிடுவார்கள். நல்ல கல்லுப்பு விளைவிப்பது என்பதே, கடலில் இருக்கும் மற்ற தாதுக்களை முன்னும் பின்னுமாகக் கழித்துவிட்டு நடுவில் இறங்கும் சோடியம் குளோரைடை மட்டும் வாரி எடுப்பதுதான். 'கடல் உப்பில் கடலின் எல்லாத் தாதுக்களும் இருக்கின்றன' என்ற விளம்பர வாசகத்தைக் கேட்டால் உப்பளத்துக்காரர் சிரிப்பார்.

இந்துப்பின் கதையும் இதேதான், காலம் மட்டும் வேறு. அது பெரும்பாலும் பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் உள்ள கேவ்ரா சுரங்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு அங்கே இருந்த ஒரு கடல் வெயிலில் வற்றி, மண்ணுக்கடியில் புதைந்து பாறையாகிப்போனது. மனிதர் வாரிய பாத்திக்குப் பதில் பூமியே வைத்துக்கொண்ட பாத்தி. இளஞ்சிவப்பு நிறத்துக்குக் காரணம் அதில் சிறிதளவு கலந்திருக்கும் இரும்பு ஆக்சைடு. நம் நாட்டிலும் இமாச்சலப் பிரதேசத்தின் மண்டி மாவட்டத்தில் பாறை உப்பு வெட்டுகிறார்கள்.

பாக்கெட் தூளுப்பும் பெரும்பாலும் கடலிலிருந்தோ உவர்நீரிலிருந்தோ வந்ததே. அதைக் கழுவி அல்லது மீண்டும் கரைத்துக் காய்ச்சி, பொடியாக்கி, அயோடின் சேர்த்து, கட்டி தட்டாமல் இருக்க ஒரு பொருளையும் சேர்க்கிறார்கள். கடல் உப்பு, பாறை உப்பு, மேசை உப்பு என்று மூன்று பெயர் சொன்னாலும் கடல் நீர் வற்றிய சோடியம் குளோரைடு என்ற ஒரே பொருளின் மூன்று வடிவங்களைத்தான் சொல்கிறோம்.

ஒரு வீட்டுக் கணக்கு

சோடியம் குளோரைடின் எடையில் சோடியம் 39 சதவீதத்துக்குச் சற்று மேல். இது அணுக்களின் எடை தீர்மானிக்கும் விகிதம். எந்தக் கடலில் விளைந்தாலும், எந்தச் சுரங்கத்தில் வெட்டினாலும் மாறாது. ஆகவே ஒரு உப்பில் சோடியம் குறைய வேண்டுமானால் ஒரே வழிதான் உண்டு: அதில் சோடியம் குளோரைடு அல்லாத வேறு ஏதோ கலந்திருக்க வேண்டும். இந்திய விதிப்படி உண்ணும் உப்பில், ஈரம் நீக்கிய எடையில், குறைந்தது 96 சதவீதம் சோடியம் குளோரைடு இருக்க வேண்டும். ஆக மொத்தம் மாறக்கூடியது அந்த மீதி நான்கு சதவீதத்துக்குள்தான்.

மட்டாஞ்சேரியில் நான்கு பேர் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மாதம் ஒரு கிலோ உப்பு தீர்கிறது. ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 8.3 கிராம். 98.5 சதவீதத் தூய்மையுள்ள தூளுப்பானால் அதில் சோடியம் சுமார் 3.2 கிராம். அந்த வீட்டில் தூளுப்பை நிறுத்திவிட்டு 97 சதவீதத் தூய்மையுள்ள இந்துப்புக்கு மாறுகிறார்கள் என்று வையுங்கள். இப்போதும் சோடியம் ஏறக்குறைய 3.2 கிராம்தான், குறைவது 50 மில்லிகிராம் மட்டும். உப்பில் ஒரு கிராமில் எட்டில் ஒரு பங்கு, அதாவது விரல் நுனியில் ஒட்டும் அளவு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு, அதாவது 2 கிராமுக்குக் குறைவான சோடியம். மாற்றத்துக்கு முன்பும் பின்பும் அந்த வீடு வரம்பைத் தாண்டியே நிற்கிறது.

கல்லுப்புக்கு மாறினால் சற்றுக் கூடுதலாகக் குறையலாம், 100 முதல் 200 மில்லிகிராம் வரை. ஆனால் அந்தக் குறைவு பெரும்பாலும் கல்லுப்பில் இருக்கும் ஈரத்தால் வருவது. தண்ணீரையும் சேர்த்து எடை போட்டு வாங்கியிருக்கிறோம், அவ்வளவுதான். சமைக்கிறவர் ருசி பார்த்து இன்னும் நாலு கல்லைப் போட்டவுடன் அந்தக் குறைவும் நிரம்பிவிடும்.

இந்தக் கணக்கை உடம்பும் ஒப்புக்கொள்கிறது. பிரேசிலில் உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குச் சில நாட்கள் இமயமலை உப்பு என்ற பெயரில் விற்கும் இந்துப்பும் சில நாட்கள் சாதா உப்பும் மாற்றி மாற்றிக் கொடுத்துச் செய்த சிறிய ஆய்வு ஒன்று 2022இல் வெளியானது. ரத்த அழுத்தத்திலும் சரி, சிறுநீரில் வெளியேறிய சோடியத்திலும் சரி, சொல்லும்படியான வேறுபாடு இல்லை. சிறுநீரகத்துக்குச் சோடியம் வந்த ஊர் தெரியாது. வந்த அளவுதான் தெரியும்.

அந்த மூன்று சதவீதத்தில் என்ன இருக்கிறது?

'எண்பத்து நான்கு தாதுக்கள்' என்பது இந்துப்பு பாட்டில்களில் அடிக்கடி காணும் வாசகம். நுண்ணிய கருவியில் தேடினால் பல தனிமங்கள் அகப்படத்தான் செய்யும், அவற்றில் ஈயம் போல வேண்டாதவையும் அடக்கம். கேள்வி, எவ்வளவு என்பதுதான். பொட்டாசியத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோ இளஞ்சிவப்பு உப்பில் இரண்டு மூன்று கிராம் இருக்கும். ஐந்து கிராம் உப்பில் கிடைப்பது 15 மில்லிகிராமுக்கு மேல் போகாது. நாளுக்கு வேண்டியதோ 3,500 மில்லிகிராம். ஒரு வாழைப்பழம் ஏறக்குறைய 400 மில்லிகிராம் தருகிறது.

ஆஸ்திரேலியாவில் கடைகளில் விற்கும் 31 இளஞ்சிவப்பு உப்புகளை வாங்கிப் பரிசோதித்த ஆய்வு 2020இல் வந்தது. உடலுக்குப் பொருட்படுத்தத்தக்க தாதுச் சத்து கிடைக்க வேண்டுமானால் நாளுக்கு 30 கிராமுக்கு மேல் அந்த உப்பைத் தின்ன வேண்டும் என்று கண்டார்கள். அதற்குள் சோடியம் ஆளையே சாய்த்துவிடும். பரிசோதித்தவற்றில் ஒன்றில் ஈயம் அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டியிருந்தது.

அந்த மிச்சச் சதவீதம் செய்யும் ஒரு வேலையைக் கொச்சிக்காரர்கள் கண்ணாலேயே பார்க்கலாம். எடவப்பாதி மழை தொடங்கியதும் அடுக்களைப் பரணியில் இருக்கும் கல்லுப்பு கசிந்து அடியில் தண்ணீர் கட்டும். தூய சோடியம் குளோரைடு காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் தண்ணீரை இழுக்கும். மக்னீசியம் குளோரைடோ 33 சதவீதத்திலேயே இழுக்கத் தொடங்கிவிடும். கசப்பு நீர் முழுதாக வடியாத உப்பு மழைக்காலத்துக்கு முன்பே பிசுபிசுக்கும். நாக்கிலும் லேசாகக் கசக்கும். உப்பில் மக்னீசியம் தங்கியிருக்கிறதா என்பதற்கு இதைவிட எளிய அடையாளம் கிடையாது.

ஜூன், ஜூலையில் கொச்சிக் காற்று 75 சதவீதத்தைச் சாதாரணமாகத் தாண்டும் என்பதால் தூய உப்பும் கட்டி தட்டும். அதைத் தடுக்கத்தான் பாக்கெட் உப்பில் சிலிகா அல்லது பொட்டாசியம் ஃபெரோசயனைடு சேர்ப்பது. 'உப்பில் சயனைடு' என்று அவ்வப்போது பரவும் பீதிக்கு இந்தப் பெயர்தான் காரணம். அந்தச் சேர்மத்தில் சயனைடு இரும்போடு இறுகப் பிணைந்திருக்கிறது. வயிற்றில் பிரிந்து விஷமாவதில்லை. அனுமதிக்கப்படுவதும் கிலோவுக்கு மில்லிகிராம் கணக்கில்தான்.

கரண்டி செய்யும் மாயம்

"கல்லுப்புக்கு மாறிய பிறகு எனக்குப் பிரஷர் குறைந்தது" என்று சொல்கிறவர்கள் எல்லோரும் பொய் சொல்லவில்லை. அவர்கள் உப்பைக் கரண்டியால் அளக்கிறார்கள். தலை தட்டிய ஒரு டீஸ்பூன் தூளுப்பு சுமார் 6 கிராம். அதே டீஸ்பூனில் பருமனான கல்லுப்பைப் போட்டால் கற்களுக்கு இடையே காற்று நிற்கும். எடை 4 கிராமாகவும் இருக்கலாம், 5 ஆகவும் இருக்கலாம். நகை எடை போடும் சிறிய தராசு ஒன்று இருந்தால் வீட்டிலேயே இதைப் பார்த்துவிடலாம். முன்பு இரண்டு ஸ்பூன் போட்டவர் இப்போதும் இரண்டு ஸ்பூன்தான் போடுகிறார், உப்பு மட்டும் இரண்டு மூன்று கிராம் குறைந்திருக்கிறது. பலன் உண்மை. அது உப்பின் சாதியால் வந்ததல்ல, அளவு குறைந்ததால் வந்தது. தூளுப்பையே ஒன்றரை ஸ்பூன் போட்டிருந்தாலும் அதே பலன் கிடைத்திருக்கும்.

கொச்சி வீடுகளில் கரண்டிக்குள் அகப்படாத உப்பு இன்னும் நிறைய உண்டு. உப்புமாங்காய், ஊறுகாய், உணக்கமீன், கடையில் வாங்கும் மிக்சர், ரொட்டி எல்லாம் மேலே சொன்ன 8.3 கிராமுக்கு மேலே சேருபவை. பப்படத்தில் உப்போடு காரமும் சேர்த்துப் பிசைகிறார்கள். சமையல் சோடாவோ பப்படக் காரமோ, எதுவானாலும் அதுவும் சோடியச் சேர்மமே. நாக்கில் உப்பாகத் தெரியாவிட்டாலும் ரத்தத்தில் கணக்குக்கு வரும். இந்துப்புக்கு மாறிவிட்டோம் என்ற நிம்மதியில் தட்டில் இன்னொரு பப்படம் விழுந்தால், மிச்சம் பிடித்த 50 மில்லிகிராம் போன இடம் தெரியாது.

அசல் வேறுபாடு அயோடினில்

மூன்று உப்புக்கும் உடல்நலத்தில் உண்மையான வேறுபாடு ஒன்று உண்டு. ஆனால் அது இயற்கை கொடுத்ததல்ல, நாம் சேர்த்தது.

கடலில் அயோடின் இருக்கிறதே, கடல் உப்பில் இருக்காதா என்று கேட்பார்கள். ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 60 மைக்ரோகிராம் அயோடினும் 35 கிராம் உப்பும் உண்டு. அந்த அயோடின் முழுவதும் உப்போடு வந்துவிட்டதாகவே வைத்துக்கொண்டாலும் ஒரு கிராம் உப்புக்கு இரண்டு மைக்ரோகிராம்கூட வராது. உண்மையில் அதில் பெரும்பங்கு கசப்பு நீரோடு போய்விடுகிறது. பெரியவர்களுக்கு நாளுக்கு 150 மைக்ரோகிராம் வேண்டும், கர்ப்பிணிகளுக்கு 250. கல்லுப்பையோ இந்துப்பையோ நம்பி இதை எட்ட முடியாது.

1950களில் மருத்துவர் வி. ராமலிங்கசுவாமியும் அவர் குழுவும் இமாச்சலத்தின் காங்க்ரா பள்ளத்தாக்கில் அயோடின் சேர்த்த உப்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். கழுத்துக் கழலை கண்கூடாகக் குறைந்தது. அந்த அனுபவத்தின் மேல் எழுந்ததுதான் 1962இல் தொடங்கிய தேசியக் கழலை கட்டுப்பாட்டுத் திட்டம். 2006 மே 17 முதல், நேரடியாக மனிதர் உண்ண விற்கும் உப்பில் அயோடின் இருந்தே ஆக வேண்டும். மருந்து தயாரிப்புக்கும் பதப்படுத்தலுக்கும் விலக்கு உண்டு. வீட்டுக்கு வந்து சேரும்போது ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது என்பது விதி.

நம் வீட்டுக் கணக்குக்குத் திரும்பினால், 8.3 கிராம் அயோடின் உப்பில் குறைந்தபட்சம் 125 மைக்ரோகிராம் கிடைக்கிறது. சமைக்கும்போது கொஞ்சம் ஆவியாகும். மீன் கொஞ்சம் ஈடு செய்யும். அயோடின் சேர்க்காத இந்துப்புக்கு மாறினால் உப்பின் வழியாக வருவது ஏறக்குறைய பூஜ்யம். மாதம் முழுவதும் கூடுதல் காசு கொடுத்து அந்த வீடு அடைந்த ஒரே உறுதியான மாற்றம் இந்த இழப்புதான். அந்த வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இழப்பு பெரிது. வயிற்றிலிருக்கும் குழந்தை தன் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராய்டு சுரப்பை நம்பியிருக்கும் மாதங்கள் அவை. 2018-19இல் நடந்த தேசிய ஆய்வில் போதுமான அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் இந்திய அளவில் 76.3 சதவீதம், மாநிலங்களில் கடைசி இடம் 61.9 சதவீதத்தோடு தமிழ்நாட்டுக்கு. உப்பு விளையும் மாநிலத்திலேயே அயோடின் சேராத உப்பு எளிதாக அடுக்களைக்குப் போய்விடுகிறது.

இங்கே ஒரு எதிர்க்கேள்வி எழும்: அயோடின் உப்பு வந்த பிறகுதானே தைராய்டு கோளாறு பெருகியது? கொச்சியிலேயே இதற்கு ஒரு நல்ல ஆய்வு உண்டு. அம்ருதா மருத்துவ நிறுவனத்தைச் சேர்ந்த குழு 971 பெரியவர்களைச் சோதித்து 2009இல் முடிவுகளை வெளியிட்டது. ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத் தைராய்டு செயல்பாட்டில் ஏதோ ஒரு மாறுபாடு இருந்தது. சிறுநீரில் அயோடினின் இடைநிலை அளவு லிட்டருக்கு 211 மைக்ரோகிராம், அதாவது ஊருக்கு அயோடின் போதுமான அளவு கிடைத்திருக்கிறது. தைராய்டு லேசாகக் குறைந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோரிடம், உடல் தன் தைராய்டையே தாக்கும் எதிர்ப்புப் பொருள் காணப்பட்டது.

இதைப் படித்துவிட்டு 'அயோடின்தான் குற்றவாளி' என்று முடிவு கட்டுவது அவசரம். அந்த ஆய்வு ஒரே வேளையில் எடுத்த கணக்கு. எது எதனால் வந்தது என்று அது சொல்லாது. அயோடின் பற்றாக்குறை நீங்கிய நாடுகளில் தன்னெதிர்ப்புத் தைராய்டு நோய் சற்றுக் கூடுவது உண்மைதான். ஆனால் அது இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்து மாத்திரையால் சமாளிக்கக்கூடியது. கருவிலேயே ஏற்பட்ட அயோடின் பற்றாக்குறை மழுங்கடித்த மூளையைப் பிறகு எந்த மாத்திரையும் சரி செய்யாது. தைராய்டு குறைவுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சமையலில் அயோடின் உப்பைத் தவிர்க்க வேண்டிய அவசியமும் இல்லை.

நிஜமாகவே சோடியம் குறைந்த உப்பு

சோடியம் உண்மையிலேயே குறைந்த உப்பும் கடையில் உண்டு. அதில் சோடியம் குளோரைடின் ஒரு பகுதியை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருப்பார்கள். சீனாவில் 600 கிராமங்களில் ஏறக்குறைய 21,000 பேரிடம் நடந்த பெரிய ஆய்வு 2021இல் வெளியானது. கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைப் பயன்படுத்தியவர்களிடம் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. உப்பை மாற்றி உயிரைக் காத்ததற்கு வலுவான சான்று இருப்பது இந்தக் கலவைக்கு மட்டுமே.

இதற்கும் ஒரு எல்லை உண்டு. சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், பொட்டாசியத்தைத் தேக்கும் சில ரத்த அழுத்த மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களுக்கும் இந்தக் கலவை ஆபத்து. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பு தடுமாறும். 'பொட்டாசியம் நிறைந்த இந்துப்பு சிறுநீரக நோயாளிக்கு நல்லது' என்று உலவும் செய்தி இரண்டு வகையில் தவறு. இந்துப்பில் அவ்வளவு பொட்டாசியம் இல்லை. இருந்திருந்தால் அந்த நோயாளிக்கு அது கேடு.

ஆகவே கடைக்காரர் எந்த உப்பை எடுத்துக் கொடுக்கட்டும் என்று கேட்டால், பாக்கெட்டின் நிறத்தைப் பார்க்காமல் இரண்டு விஷயம் பாருங்கள். அயோடின் சேர்த்தது என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கல்லுப்பிலும் இந்துப்பிலும்கூட அயோடின் சேர்த்தது கிடைக்கிறது, ருசிக்காக விரும்பினால் அதை வாங்கலாம். வீட்டில் சிறுநீரக நோயாளி இல்லை, மருத்துவரும் சரி என்கிறார் என்றால் பொட்டாசியம் கலந்த உப்புக்கு மாறலாம். எதை வாங்கினாலும் நான்கு பேர் வீட்டில் அந்த ஒரு கிலோ ஒன்றரை மாதத்துக்கு மேல் வர வேண்டும். ரத்த அழுத்தத்துக்கு உப்பில் இருக்கும் மருந்து அந்தக் குறைவு ஒன்றுதான்.